அறுபது என்றால் எந்த அறுபது?



ஞாயிற்றுக்கிழமை மாலை. அயனம்பாக்கத்தில் இருந்தும், பக்கத்தில் வானகரம், நொளம்பூர், திருவேற்காட்டில் இருந்தும் கணக்கைப் பற்றி ஒருவர் பேசுவதைக் கேட்க இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்துக்கு நான் கடன்பட்டவன். அதனால் பல விஷயங்களைத் தொடாமல் ஒரே ஓர் எண்ணைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசி இயலில் அது இருக்கிறது. அதன் பெயர் திட்ட விலக்கம். சூத்திரமாக மனப்பாடம் செய்து, ஐந்து மதிப்பெண் வாங்கி, மறுநாளே மறந்துவிடுகிற எண். ஆனால் ஒரு வகுப்பின் உண்மையான நிலையைச் சொல்ல, சராசரிக்கு அடுத்து நமக்கு வேண்டிய முதல் எண் அதுதான்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறோம். "இந்த முறை வகுப்புச் சராசரி 60" என்று சொல்கிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். பக்கத்துப் பிரிவிலும் சராசரி 60. அங்கே இருக்கிற பெற்றோரும் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். இரண்டு வகுப்பும் ஒன்றுதானா? ஒரே பாடம், ஒரே வினாத்தாள், ஒரே சராசரி. அப்படியானால் இரண்டு வகுப்புக்கும் ஒரே மாதிரி பாடம் நடத்தினால் போதுமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

கரும்பலகையில் இரண்டு வரிசை எழுதியிருக்கிறேன். இது எந்தப் பள்ளியின் கணக்கும் இல்லை; விளக்குவதற்காக நானே அமைத்த எண்கள். எளிதாகப் பார்ப்பதற்காக வகுப்புக்குப் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம்.

அ பிரிவு: 52, 55, 57, 58, 60, 60, 62, 63, 65, 68.

ஆ பிரிவு: 24, 28, 33, 41, 55, 68, 79, 86, 91, 95.

கூட்டிப் பாருங்கள். அங்கேயும் 600, இங்கேயும் 600. பத்தால் வகுத்தால் இரண்டுக்கும் 60. அரை மதிப்பெண் கூட வித்தியாசம் இல்லை.

இப்போது வகுப்புக்குள் போய் நில்லுங்கள். அ பிரிவில் 60 மதிப்பெண்ணை மனத்தில் வைத்து ஓர் ஆசிரியர் பாடம் நடத்துகிறார். பத்துப் பேருக்கும் அது போய்ச் சேரும். கடைசி மாணவன் 52, முதல் மாணவி 68. எல்லோரும் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறார்கள். ஆ பிரிவில் அதே 60-ஐ மனத்தில் வைத்துப் பாடம் நடத்தினால் யாருக்குப் போய்ச் சேரும்? அந்த வகுப்பில் 60 வாங்கிய பிள்ளை ஒருவர்கூட இல்லை. 55 ஒருவர், 68 ஒருவர். அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூரத்தில் தூரத்தில் மற்றவர்கள். மூன்று பேர் 35-க்குக் கீழே, தேர்ச்சியே பெறாதவர்கள். இரண்டு பேர் 90-க்கு மேலே. அந்த வகுப்பில் சராசரி மாணவன் என்று ஒருவன் கிடையாது. இல்லாத ஒருவனுக்காகப் பாடம் நடந்துகொண்டிருக்கிறது.

சராசரி பொய் சொன்னதா? சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. நடு எங்கே என்று கேட்டோம், 60 என்றது. நடுவில் இருந்து பிள்ளைகள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்று நாம் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வியின் பதில்தான் திட்ட விலக்கம்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சூத்திரத்தை ஓரமாக வையுங்கள். நமக்கே ஒரு வழி தோன்றுகிறதா என்று பார்ப்போம்.

முதலில் எனக்குத் தோன்றுவது என்ன? அதிகபட்சத்தில் இருந்து குறைந்தபட்சத்தைக் கழிக்கலாம். அ பிரிவில் 68-இல் 52 போனால் 16. ஆ பிரிவில் 95-இல் 24 போனால் 71. இதற்கு வீச்சு என்று பெயர். மோசமில்லை, வேகமாகச் சொல்லிவிடலாம். ஆனால் பத்துப் பேரில் இரண்டே இரண்டு பேரைத்தான் இது பார்க்கிறது. நடுவில் இருக்கிற எட்டுப் பேர் எங்கே நின்றாலும் வீச்சுக்குக் கவலையில்லை. நமக்குப் பத்துப் பேரும் வேண்டும்.

சரி, ஒவ்வொரு பிள்ளையும் சராசரியில் இருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுதுவோம். அ பிரிவில் 52 வாங்கியவன் 8 குறைவு. 55 வாங்கியவள் 5 குறைவு. பிறகு 3 குறைவு, 2 குறைவு, இரண்டு பேருக்குச் சுழியம், பிறகு 2 அதிகம், 3 அதிகம், 5 அதிகம், 8 அதிகம். இந்த விலகல்களின் சராசரியை எடுத்தால் முடிந்தது என்று தோன்றும். எடுத்துப் பாருங்கள். குறைவு எல்லாம் சேர்ந்து 18, அதிகம் எல்லாம் சேர்ந்து 18. கூட்டினால் சுழியம். ஆ பிரிவிலாவது வேறு வருமா? குறைவு 119, அதிகம் 119. அங்கேயும் சுழியம். எந்த வகுப்புக்குச் செய்தாலும் சுழியம்தான் வரும். ஏனென்றால் சராசரி என்பதே இரண்டு பக்கமும் சமமாகிற இடம்.

ஆகவே குறைவும் அதிகமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் தடுக்க வேண்டும். கழித்தல் குறியை நீக்கிவிட்டு, தூரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே? தாராளமாகச் செய்யலாம். அ பிரிவுக்கு 3.6 வரும், ஆ பிரிவுக்கு 23.8 வரும். அதுவும் ஒரு நியாயமான அளவுதான், பலர் பயன்படுத்துகிறார்கள். அப்படியானால் பாடப்புத்தகம் ஏன் விலகல்களை வர்க்கப்படுத்தச் சொல்கிறது? பிள்ளைகளை வதைப்பதற்காகவா?

இந்தக் கேள்வியை எந்த மாணவர் கேட்டாலும் நான் மகிழ்வேன். பதில் இது. இரண்டு பேர் கொண்ட இரண்டு சின்னக் குழுக்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் குழுவில் இருவரும் நடுவில் இருந்து ஐந்து ஐந்து மதிப்பெண் தள்ளி நிற்கிறார்கள். இரண்டாம் குழுவில் ஒருவர் நடுவிலேயே நிற்கிறார், இன்னொருவர் பத்து மதிப்பெண் தள்ளி நிற்கிறார். தூரத்தை மட்டும் கூட்டினால் இரண்டு குழுவுக்கும் 10. வர்க்கப்படுத்திக் கூட்டினால் முதல் குழுவுக்கு 25-உம் 25-உம் சேர்ந்து 50. இரண்டாம் குழுவுக்கு 100. வெகுதூரம் தள்ளி நிற்கிற ஒருவரை வர்க்கம் சும்மா விடாது, உரத்துச் சொல்லும். வகுப்பறையில் நமக்கு அதுதானே வேண்டும்? நான்கு மதிப்பெண் குறைந்த நான்கு பேரைவிடப் பதினாறு மதிப்பெண் குறைந்த ஒரு பிள்ளைதானே அவசர வேலை?

இன்னொரு காரணமும் உண்டு. வர்க்க விலகல்களின் கூட்டுத்தொகை எந்த எண்ணில் இருந்து அளந்தால் மிகக் குறைவாக வரும் என்று தேடினால், அது சராசரியில் வந்து நிற்கும். 60-க்குப் பதில் 59-இல் இருந்தோ 61-இல் இருந்தோ அளந்து பாருங்கள், கூட்டுத்தொகை ஏறிவிடும். வெறும் தூரத்துக்கு அந்தப் பொருத்தம் சராசரியோடு கிடையாது. அது இடைநிலை அளவோடு சேர்ந்தது. சராசரிக்கு ஏற்ற துணை வர்க்கம்தான்.

வாருங்கள், கணக்கை முடிப்போம். அ பிரிவின் வர்க்கங்கள்: 64, 25, 9, 4, 0, 0, 4, 9, 25, 64. கூட்டினால் 204. பத்தால் வகுத்தால் 20.4. இதை விலக்க வர்க்கச் சராசரி என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் இது மதிப்பெண்ணின் வர்க்கத்தில் இருக்கிறது. நமக்கு மதிப்பெண்ணாகவே வேண்டும். வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 4.5. அதுதான் அ பிரிவின் திட்ட விலக்கம்.

ஆ பிரிவுக்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகை 6722. பத்தால் வகுத்தால் 672.2. வர்க்கமூலம் சுமார் 26.

நாலரை எங்கே, இருபத்தாறு எங்கே! சராசரி ஒரே எண். பரவலோ கிட்டத்தட்ட ஆறு மடங்கு. இப்போது ஒருவர் வந்து "சராசரி 60, திட்ட விலக்கம் நாலரை" என்று சொன்னால், ஒரு மதிப்பெண்ணையும் பார்க்காமலே அ பிரிவு உங்கள் கண்முன் வந்து உட்காரும். "சராசரி 60, திட்ட விலக்கம் 26" என்றால் நீங்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். அங்கே சில பிள்ளைகள் எங்கோ விழுந்து கிடக்கிறார்கள்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1893-இல் லண்டன் கிரெஷாம் கல்லூரியில் கார்ல் பியர்சன் என்ற அறிஞர், ஊர்மக்கள் இலவசமாக வந்து கேட்கும் பொதுச் சொற்பொழிவுகளில் இந்த அளவை இந்தப் பெயரால் அறிமுகம் செய்தார். அடுத்த ஆண்டுதான் அச்சில் வந்தது. இந்தப் பெயர் முதலில் பிறந்தது ஆய்வுக்கூடத்தில் இல்லை, நம்மைப் போன்ற கேட்போர் நிறைந்த ஒரு கூடத்தில் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இங்கே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, பாதிக் கூட்டம் தூக்குகிறது. உங்களுக்கு இந்த எண் புதிதில்லை. நீங்கள் அதை சிக்மா என்று சொல்வீர்கள். ஒரு ஷாஃப்ட் 20 மில்லிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும். மேலே 20 மைக்ரான், கீழே 20 மைக்ரான் வரை போகலாம் என்று டிராயிங்கில் போட்டிருக்கிறது. இரண்டு லேத்தில் அதே ஷாஃப்டைக் கடைகிறீர்கள். இரண்டு லேத்திலும் சராசரி விட்டம் மிகச் சரியாக 20 மில்லிமீட்டர். முதல் லேத்தின் திட்ட விலக்கம் 5 மைக்ரான். இரண்டாவதன் திட்ட விலக்கம் 20 மைக்ரான். முதல் லேத்தில் கடைந்தது அநேகமாக எல்லாமே கேஜில் தேறிவிடும். இரண்டாவதில் கடைந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ரிஜக்ட். சராசரி சரியாக இருக்கிறது என்று சொன்னால் உங்கள் சூப்பர்வைசர் ஒப்புக்கொள்வாரா? பெருத்த ஷாஃப்டும் இளைத்த ஷாஃப்டும் சேர்ந்து சராசரியைக் காப்பாற்றும், வண்டியைக் காப்பாற்றாது.

இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், பாடியில், அப்போது லாரிக்கும் பஸ்ஸுக்கும் பிரேக் பாகங்கள் செய்துவந்த சுந்தரம் கிளேட்டன் 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். அந்தப் பரிசின் பெயருக்குரிய டெமிங்கும், அவருக்கு வழிகாட்டிய புள்ளியியலாளர் ஷூஹார்ட்டும் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றைத்தான்: சராசரியை மட்டும் பார்க்காதே, பரவலைப் பார், பரவல் ஏன் வருகிறது என்று தேடு. அந்த ஷூஹார்ட் 1947-48-இல் நம் நாட்டுப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் அழைப்பில் இந்தியாவுக்கு வந்து இங்குள்ள தொழில்துறையினரைச் சந்தித்துவிட்டுப் போனவர். இரும்பைக் கடையும் இடத்தில் பல பத்தாண்டுகளாகக் கேட்கிற இந்தக் கேள்வியை, பிள்ளைகள் படிக்கிற இடத்தில் நாம் ஏன் கேட்பதில்லை? எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். பட்டறையில் பரவலைப் பார்க்கிற அதே அப்பா, பெற்றோர் கூட்டத்தில் சராசரியை மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்.

ஆனால் ஒரு வேறுபாட்டை இங்கேயே சொல்லிவிட வேண்டும். லேத்தில் பரவல் என்றால் பழுது. வகுப்பில் பரவல் என்றால் பிள்ளைகள். கழித்துப் போட முடியாது, கேஜில் தேறவில்லை என்று பெட்டியில் தள்ள முடியாது. அப்படியானால் பரவல் அதிகமுள்ள வகுப்பில் என்ன செய்வது?

நம் தமிழ்நாட்டிலேயே அதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. கொரோனாவுக்காகப் பள்ளிகள் நீண்ட நாள் மூடிக் கிடந்தன. திறந்தபோது தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கண்டது என்ன? ஒரே மூன்றாம் வகுப்பில் சரளமாகப் படிக்கிற பிள்ளையும் இருந்தது, எழுத்தே தெரியாத பிள்ளையும் இருந்தது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்த பிள்ளை முன்னே போனது. இல்லாத பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றது. நம் பேச்சில் சொன்னால், திட்ட விலக்கம் பெருகிவிட்டது. 2022 ஜூன் மாதம், திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில் "எண்ணும் எழுத்தும்" திட்டத்தைத் தொடங்கினார்கள். முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், எதை அறிந்திருக்கிறது என்று சோதித்து, அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்தார்கள். அதே வகுப்பறை, அதே ஆசிரியர். நிலைக்கு ஏற்ற பயிற்சி.

இதை ஆசிரியப் பெருமக்கள் கூர்ந்து பார்க்க வேண்டுகிறேன். சராசரியைப் பார்த்துப் போட்ட திட்டமா இது? சராசரியைப் பார்த்திருந்தால் எல்லோருக்கும் மூன்று மாதம் பழைய பாடத்தைத் திருப்பி நடத்தியிருப்பார்கள். அரும்புக்கு அது போதாது, மலருக்கு அது வீண். பரவல் குறைந்த வகுப்புக்கு ஒரு பாடம் போதும். பரவல் பெருகிய வகுப்புக்கு ஒரே மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று பாடம் வேண்டும். நம் ஆ பிரிவுக்கும் அதேதான். 24, 28, 33, 41 வாங்கிய நால்வருக்குப் பின்னமும் எதிர்மறை எண்ணும் தெரிகிறதா என்று பார்த்து அங்கிருந்து தொடங்க வேண்டும். 86, 91, 95 வாங்கியவர்களுக்கு அந்த நேரத்தில் கடினமான கணக்குக் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடக் கூடாது: இந்தப் பிரிவு நிரந்தரமானதாகிவிட்டால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும். சில வாரத்துக்கு ஒரு முறை மறுபடி சோதித்து, குழுவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, திட்ட விலக்கம் தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா? இல்லை. இந்த எண்ணுக்கும் கண்ணில் படாத இடங்கள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் போனால் நான் பாதி வேலைதான் செய்தவனாவேன்.

முதலில் ஒரு சாதாரண விபத்து. நம் அ பிரிவில் பதினோராவதாக ஒரு மாணவன் இருக்கிறான். பரீட்சையன்று காய்ச்சல், வரவில்லை. பட்டியல் தட்டச்சு செய்கிறவர் வரவில்லை என்று குறிக்காமல் சுழியம் என்று போட்டுவிடுகிறார். என்ன ஆகிறது? சராசரி 60-இல் இருந்து 54.5-க்கு இறங்குகிறது. திட்ட விலக்கம் நாலரையில் இருந்து சுமார் 17.8-க்குத் தாவுகிறது! ஒரே ஒரு சுழியம், நான்கு மடங்கு. வர்க்கம் தூரத்தில் இருப்பவரை உரத்துச் சொல்லும் என்றேனே, அது தவறாகப் போட்ட எண்ணையும் உரத்துச் சொல்லும். ஆகவே சென்ற முறை 5 இருந்த வகுப்பில் இந்த முறை 18 வந்தால், பிள்ளைகளைக் குறை சொல்வதற்கு முன் பட்டியலைப் பாருங்கள். சுழியம் இருக்கிறதா? 65-ஐ 6 என்று அடித்துவிட்டார்களா? பிழையைக் கண்டுபிடிக்கவும் இந்த எண் உதவும்.

பட்டியலைக் கணினியில் வைத்திருக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. எக்செலில் இரண்டு கட்டளை இருக்கிறது. `=STDEV.P(B2:B11)` என்று போட்டால் பத்தால் வகுக்கும். அ பிரிவுக்கு 4.52 வரும். `=STDEV.S(B2:B11)` என்று போட்டால் ஒன்பதால் வகுக்கும், 4.76 வரும். வகுப்பில் உள்ள எல்லோருடைய மதிப்பெண்ணும் கையில் இருந்தால் முதலாவது. சில பேரை மட்டும் கூறாக எடுத்து முழுப் பள்ளியையும் மதிப்பிடுவதானால் இரண்டாவது. நாற்பது பேர் வகுப்பில் வித்தியாசம் மிகச் சிறிதுதான். ஆனால் இரண்டு பிரிவை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே கட்டளையைப் போட வேண்டும்.

இப்போது கொஞ்சம் ஆழமான குறை. இ பிரிவு என்று மூன்றாவதாக ஒன்றைக் கற்பனை செய்வோம். ஐந்து பேர் 34, ஐந்து பேர் 86. சராசரி என்ன? 60. ஒவ்வொருவரும் நடுவில் இருந்து சரியாக 26 தள்ளி நிற்கிறார்கள். ஆகவே திட்ட விலக்கம் 26. ஆ பிரிவுக்கு என்ன வந்தது? அதே 60, அதே 26! ஆனால் இரண்டும் ஒன்றா? ஆ பிரிவில் பிள்ளைகள் 24-இல் இருந்து 95 வரை படிப்படியாக நிற்கிறார்கள். இ பிரிவில் வகுப்பு நடுவே பிளந்துவிட்டது. பாதிப் பேர் ஒரே ஒரு மதிப்பெண்ணில் தோற்றிருக்கிறார்கள். மறு பாதி நன்றாகத் தேறியிருக்கிறார்கள். ஆ பிரிவுக்கு நீண்ட வேலை. இ பிரிவுக்குக் காரணத்தைத் தேடுகிற வேலை: இந்த ஐந்து பேருக்கும் ஏதாவது பொதுவாக இருக்கிறதா? பயிற்றுமொழி நடுவில் மாறியவர்களா? ஒரே பாடத்தை எல்லோரும் விட்டுவிட்டார்களா? அப்படி ஒரு காரணம் கிடைத்துவிட்டால் ஐந்து பேரும் ஒன்றாகக் கரையேற வாய்ப்புண்டு.

எனவே சராசரியையும் திட்ட விலக்கத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், ஒரு கோடு போட்டுப் புள்ளி வைத்துப் பாருங்கள். ஒரு தாளில் 0 முதல் 100 வரை ஒரு கோடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் மதிப்பெண்ணின் மேல் ஒரு புள்ளி. ஐந்து நிமிட வேலை. பிளவு இருந்தால் கண்ணுக்கே தெரியும்.

சிலர், மூன்றில் இரண்டு பங்குப் பேர் சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் இருப்பார்கள் என்று படித்திருப்பீர்கள். லேத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும். அதை வைத்துத்தான் மூன்றில் ஒன்று ரிஜக்ட் என்றேன். மணி வடிவப் பரவலுக்குத்தான் அதை நம்பிச் சொல்லலாம். ஆ பிரிவுக்கு அதைப் போட்டுப் பாருங்கள்: மணி வடிவத்தில் சிலர் இரண்டு திட்ட விலக்கம் வரையும் போவார்கள்; சராசரிக்கு மேல் இரண்டு திட்ட விலக்கம் என்றால் 60-உடன் 52 சேர்ந்து 112. நூற்றுக்கு 112 யார் வாங்க முடியும்? மணி வடிவம் இந்த வகுப்புக்குப் பொருந்தாது என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

கடைசியாக, இந்த எண்ணைத் தொடர்ந்து பார்த்தால் என்ன கிடைக்கும் என்று காட்டிவிட்டு முடிக்கிறேன். காலாண்டில் ஆ பிரிவின் நிலை 60, 26. அரையாண்டு வருகிறது. இரண்டு விதமாக நடந்திருக்கலாம்.

ஒன்று: எல்லோரும் ஐந்து ஐந்து மதிப்பெண் ஏறியிருக்கிறார்கள். சராசரி 65. திட்ட விலக்கம்? எல்லோரும் ஒரே அளவு நகர்ந்தால் இடைவெளி மாறாது. அதே 26. தோற்றவர்கள் மூன்று பேரில் 33 வாங்கியவன் 38 ஆகித் தேறிவிட்டான். மற்ற இருவர் 29, 33, இன்னும் தோல்விதான்.

இரண்டு: மேலே இருக்கிற ஆறு பேர் அதே இடத்தில் இருக்கிறார்கள். கீழே இருந்த நால்வர் மட்டும் 40, 42, 45, 50 என்று ஏறியிருக்கிறார்கள். சராசரி 65.1. அதே 65 என்றுதான் பெற்றோர் கூட்டத்தில் சொல்வார்கள். ஆனால் திட்ட விலக்கம் 26-இல் இருந்து 20-க்கு இறங்கியிருக்கிறது. தோல்வி ஒருவர்கூட இல்லை.

சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டு ஆசிரியரும் ஒரே வேலை செய்தவர்கள். இரண்டாவது ஆசிரியர் நான்கு பிள்ளைகளோடு மாலை நேரத்தில் உட்கார்ந்தது சராசரியில் தெரியாது. திட்ட விலக்கத்தில் தெரியும். முதல் ஆசிரியரும் சும்மா இருக்கவில்லை. மேலே இருந்த பிள்ளைகளையும் ஏற்றியிருக்கிறார். எந்த வேலை நடந்தது என்று தெரிந்தால்தான் அடுத்து எது நடக்க வேண்டும் என்று பேச முடியும்.

இதைச் சொன்னதும், திட்ட விலக்கத்தைக் குறைப்பதே குறிக்கோள் என்று எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைக்க இரண்டு குறுக்கு வழி இருக்கிறது. வினாத்தாளை மிக எளிதாக்கினால் எல்லோரும் 90-க்குப் பக்கத்தில் குவிந்துவிடுவார்கள். திட்ட விலக்கம் தானே சுருங்கும். மேலே இருக்கிற பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டால் 95 இறங்கி 75 ஆகும், அப்போதும் சுருங்கும். ஆகவே பரவல் சுருங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே கேளுங்கள்: வினாத்தாள் போன முறை அளவுக்குக் கடினமா? கடைசி மாணவன் எங்கிருந்து எங்கே ஏறினான்? முதல் மாணவி இருந்த இடத்திலேயே இருக்கிறாளா, இறங்கினாளா? இந்த மூன்று பதிலும் வகுப்பாசிரியர் கையில் உள்ள மதிப்பெண் பதிவேட்டிலும் வினாத்தாளிலும் இருக்கின்றன. வரும் அரையாண்டுப் பெற்றோர் கூட்டத்தில் சராசரி அறிவிக்கப்பட்டதும் எழுந்து அவற்றைக் கேட்கலாம்.